சான்றிதழ் இல்லாத பொற்கொல்லரின் சுயவிபரக்கோவை

கேள்வி: "புதுக்குடியிருப்பில் 14 வருடமாக நகை வேலை செய்கிறேன். தாலிக்கொடி, அட்டியல், தோடு, மோதிரம் எல்லாம் கையால் செய்வேன். கொழும்பிலும் டுபாயிலும் பட்டறைகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். சுயவிபரக்கோவை கேட்கிறார்கள், ஹோல்மார்க் தெரியுமா என்றும் எழுதச் சொல்கிறார்கள். என்னிடம் சேர்டிபிக்கேற் இல்லை, செய்து கொடுத்த நகைகளுக்கு பில்லும் இல்லை. என்ன எழுதுவது ஐயா?"

பதில்: நீங்கள் செய்த நகைகளில் மூன்றையோ நான்கையோ மட்டும் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றையும் வாசிப்பவர் தம் மனதுக்குள் நிறுத்துப் பார்க்கக்கூடிய விதத்தில் எழுதுங்கள். பட்டறை மேற்பார்வையாளராக இருந்த காலத்தில் என் மேசைக்கு வந்த சுயவிபரக்கோவைகளில் பெரும்பாலானவை "எல்லா விதமான தங்க நகைகளும் செய்வேன், 14 வருட அனுபவம்" என்ற ஒரே வரியையே வெவ்வேறு எழுத்தில் சொல்லின. அந்த வரியை வைத்து ஒருவருக்கு 50 கிராம் தங்கத்தைக் கையில் கொடுக்க எந்த முதலாளிக்கும் துணிவு வராது. ஒரு நகைக்கு எவ்வளவு தங்கம் வாங்கினார், எவ்வளவு நகையாகத் திரும்பியது, தங்கத்தின் மாற்றுக் குறையாமல் பற்றவைத்தாரா, கல்லைச் சூட்டில் கெடுக்காமல் வேலையை முடித்தாரா என்பவைதான் ஆள் எடுப்பவரின் உண்மையான கேள்விகள்.

முதலில் உங்கள் பதவிப் பெயரைத் தீர்மானியுங்கள். பெரிய பட்டறைகளில் வரைபவர், மெழுகு வார்ப்பவர், கைவேலை செய்பவர், கல் பதிப்பவர், மெருகிடுபவர் என வேலைகள் பிரிந்திருக்கும். வன்னியில் ஒரே ஆள் இவை அனைத்தையும் செய்கிறார் என்பது உண்மையே. ஆனாலும் ஐந்தையும் ஒரே அளவில் உரிமை கோருபவரை எந்த மேசையில் இருத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் "கைவேலைப் பொற்கொல்லர், சங்கிலி மற்றும் திருமண நகை" என்பதே பொருத்தமான தலைப்பு. வாடிக்கையாளர் வாயால் சொன்னதைக் கேட்டுத் தாளில் வரைந்து காட்டி, அவர் சம்மதித்த பின் செய்து கொடுத்திருந்தால், அதை வடிவமைப்பு அனுபவமாக ஒரு வரியில் சேர்க்கலாம். கணினியில் வரையத் தெரியாவிட்டால் "டிசைனர்" என்று போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி, செய்த நகையை எழுதும் முறையைப் பார்ப்போம். 11 பவுணில் நீங்கள் ஒரு தாலிக்கொடி செய்ததாக வைத்துக்கொள்வோம். "பவுண்" என்ற கணக்கு நமக்குள் போதும். வெளியே கிராமில் எழுத வேண்டும், 8 கிராம் வீதம் 88 கிராம். "தாலிக்கொடி" என்ற பெயரும் டுபாயில் உள்ள மேற்பார்வையாளருக்கு ஒன்றையும் சொல்லாது, ஆகவே அதன் கட்டமைப்பைச் சொல்லுங்கள். அந்தப் பதிவு ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"கனத்த திருமணச் சங்கிலி (தாலிக்கொடி), 22 கரட், 88 கிராம். கம்பியை அச்சில் இழுத்து, வளையங்களை வெட்டி, கையால் கோத்துப் பற்றவைத்தது. பற்றாசு உட்படப் பெற்ற தங்கம் 90 கிராம். நகை 88 கிராம், திருப்பிக் கொடுத்த அரத்தூளும் துண்டுகளும் 1.6 கிராம், இழப்பு 0.4 கிராம். உருக்குதல் முதல் மெருகு வரை தனியாகச் செய்தேன்."

இந்த வரிகளில் மிகுந்த பெறுமதி உடையது இழப்புக் கணக்குத்தான். நம்முடைய ஊர்ப் பழக்கத்தில் சேதாரம் வாடிக்கையாளரின் கணக்கில் ஒரு மொத்தத் தொகையாகக் கழிந்துவிடுவதால், தொழிலாளி அதைத் தனியே குறித்து வைப்பதில்லை. பட்டறையிலோ காலையில் நிறுத்துக் கொடுத்த தங்கத்தை மாலையில் நிறுத்தே வாங்குவார்கள். உங்களிடம் பழைய கணக்கு இல்லையென்றால் நினைவிலிருந்து ஓர் எண்ணைப் போட வேண்டாம். இன்று கையில் இருக்கும் ஓடரிலிருந்து ஒரு கொப்பியில் வாங்கியது, கொடுத்தது, தூள், இழப்பு என்று எழுதத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதங்களில் எழுதுவதற்குப் போதுமான நகைகள் சேர்ந்துவிடும், நேர்காணலுக்கு அந்தக் கொப்பியையே கொண்டுபோகலாம்.

அடுத்தது ஹோல்மார்க். "ஹோல்மார்க் செய்யத் தெரியும்" என்று எழுதுவது பிழை, ஏனெனில் நகையின் மாற்றை உறுதிப்படுத்தும் அந்த முத்திரையை இடுவது பொற்கொல்லர் அல்ல, அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையம். இந்தியாவில் 2021 ஜூன் மாதத்திலிருந்து கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்ட முறையிலும், பிரித்தானியாவில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கும் முறையிலும் இதுவே நடைமுறை. உங்களுடைய பங்கு, அந்தச் சோதனையில் விழாத நகையைச் செய்து அனுப்புவது. 22 கரட் என்றால் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், 21 என்றால் 875, 18 என்றால் 750 என்ற எண்களை அறிந்திருப்பது அடிப்படை. வளைகுடாவில் 21 கரட் நகையும் நிறையப் புழங்குவதால் 875ஐ மறந்துவிடாதீர்கள். ஆனால் உங்களைப் பிறரிலிருந்து பிரித்துக் காட்டுவது, ஒட்டுகளை இணைக்கும் பற்றாசினால் முழு நகையின் மாற்று எப்படிக் குறைகிறது என்று உங்களுக்குத் தெரியும் என்பதே.

இதை நான் கற்றது ஒரு தோல்வியால். நான் செய்த ஒரு கொடி உரைகல்லில் 22 கரட்டாகவே நின்றது, எனினும் சோதனைக்குப் போய்த் திரும்பி வந்தது. பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 88 கிராம் கொடியில் கம்பி 85 கிராம், அது ஆயிரத்துக்கு 917 பங்கு தங்கம். மீதி 3 கிராம் எளிதில் உருகட்டும் என்று நான் பாவித்த 18 கரட் பற்றாசு, அது 750. கம்பியில் உள்ள சுத்தத் தங்கம் 77.95 கிராம், பற்றாசில் உள்ளது 2.25 கிராம், மொத்தம் 80.2 கிராம். அதை 88ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 911தான் வருகிறது. கம்பியை மட்டும் உரைத்துப் பார்த்தபோது இந்தக் குறை தெரியவில்லை, ஒட்டு இருந்த இடங்களையும் சேர்த்து உருக்கியபோதுதான் தெரிந்தது. இதற்கு இரண்டு திருத்தங்கள் உண்டு: 22 கரட்டிலேயே செய்த பற்றாசைப் பாவிப்பது, அல்லது கம்பித் தங்கத்தைத் தொடக்கத்திலேயே 922க்குச் சற்று மேல் வைப்பது. முதலாவதில் உருகுநிலைகள் நெருங்கி நிற்பதால் ஊதும் கை நிதானமாக இருக்க வேண்டும். நான் அதையே விரும்புகிறேன்.

மேற்பரப்பை எக்ஸ்-கதிர்க் கருவியால் வாசிப்பதிலும் இதே வகை ஏமாற்றம் உண்டு. நகையை அமிலத்தில் வெளுக்கும்போது மேலே உள்ள செம்பு கரைந்து, தங்கம் மிகுந்த ஒரு மெல்லிய தோல் நின்றுவிடும், கருவி அந்தத் தோலை வாசித்து உள்ளே இருப்பதைவிட உயர்ந்த எண்ணைக் காட்டக்கூடும். ஆகவே சுயவிபரக்கோவையில் ஹோல்மார்க் என்ற தலைப்பின் கீழ் "22 கரட் பற்றாசு பாவிக்கிறேன்; பற்றாசையும் சேர்த்து முழு நகையின் மாற்றைக் கணக்கிட்டு உருக்குகிறேன்; காட்மியம் கலந்த பற்றாசு பாவிப்பதில்லை" என்று, அது உண்மையாக இருந்தால் மட்டும், எழுதுங்கள். காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்னும் அதைப் பாவிப்பவராக இருந்தால் வேலை தேடுவதற்கு முன் அதை நிறுத்துங்கள்.

கற்களைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லில் கவனம் தேவை. நம் கடைகளில் "சிர்கோன்" என்று சொல்லி விற்கும் வெள்ளைக் கல் பெரும்பாலும் ஆய்வகத்தில் செய்யப்படும் கியூபிக் சிர்கோனியா. உண்மையான சிர்கோன் இயற்கைக் கல். அதன் நிறமற்ற வகையைத்தான் "மாத்தறை வைரம்" என்பார்கள். கல் தெரிந்த ஒருவர் உங்கள் தாளில் "சிர்கோன்" என்பதைக் கண்டு கேள்வி கேட்டால், நீங்கள் சொல்லும் பதில் மற்ற வரிகளின் நம்பிக்கையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். செயற்கைச் சிவப்புக் கல், கியூபிக் சிர்கோனியா, முத்து என்று உள்ளதை உள்ளபடி எழுதி, எதை எந்த முறையில் பதித்தீர்கள் என்று பக்கத்தில் சேருங்கள். முத்தையும் பவளத்தையும் மரகதத்தையும் கழற்றாமல் தீ காட்டக்கூடாது என்று அறிந்தே திருத்த வேலை செய்திருக்கிறீர்கள் என்றால், அந்தத் திருத்த வேலைக்கும் ஒரு பதிவு கொடுங்கள். 2009க்குப் பின் மீளக் குடியேறிய குடும்பங்கள் கொண்டுவந்த அறுந்த கொடிகளையும் கல் விழுந்த அட்டியல்களையும் நம்மவர்கள் நிறையவே சரிசெய்திருக்கிறார்கள், ஆயினும் அதைச் சிறு வேலை என்று நினைத்து எழுதாமல் விடுகிறார்கள். பிறர் செய்த, என்ன பற்றாசு என்றே தெரியாத பழைய நகையில் மற்ற ஒட்டுகள் விடாமல் தீ காட்டுவது புது நகை செய்வதைவிடக் கடினம் என்பதை நல்ல மேற்பார்வையாளர் அறிவார்.

பில் இல்லாத குறையைப் படத்தால் ஓரளவு நிரப்பலாம். வாடிக்கையாளரின் சம்மதத்தோடு, முகமும் பெயரும் தெரியாமல், நகையைத் தராசின் மேல் எடை தெரிய வைத்து ஒரு படம் எடுங்கள். இரண்டாவது படம் கொக்கியுடையதாக, மூன்றாவது படம் நகையின் பின்பக்கமாக இருக்கட்டும். முன்பக்கத்தை மெருகு மறைத்துவிடும். வழிந்த பற்றாசும் அரம் போகாத மூலையும் பின்பக்கத்தில்தான் தெரியும், பார்ப்பவரும் அதைத்தான் தேடுவார். இணையத்திலிருந்து எடுத்த படம் ஒன்றையேனும் இடையில் சேர்க்காதீர்கள். உங்களுக்கு வேலை கொடுத்த கடைக்காரர் ஒருவரிடம் எத்தனை வருடம், என்ன வேலை, தங்கக் கணக்கில் குறை வந்ததா என்ற மூன்றையும் சொல்லும் கடிதம் வாங்குங்கள்.

சான்றிதழுக்கும் வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் கைவேலையில் வளர்ந்தவர்களை, செய்முறையைப் பார்த்து மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் "முன் கற்றலை அங்கீகரித்தல்" என்ற முறை நம் நாட்டில் உண்டு. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அதோடு, நீங்கள் பற்றவைத்த சிறிய சங்கிலித் துண்டு ஒன்றைக் கொழும்பில் உள்ள தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையிடம் மாற்றுச் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெற்றால், உங்கள் ஹோல்மார்க் வரிகளுக்குக் கீழே அதன் பிரதியை இணைக்கலாம். துண்டில் ஒட்டுகள் இருக்க வேண்டும். வெறும் கம்பியைச் சோதிப்பதால் பயனில்லை.

மற்றவை சுருக்கம். பெயர், தொலைபேசி இலக்கம், கடவுச்சீட்டுக் காலாவதித் திகதி, யாரிடம் எந்த ஆண்டு முதல் தொழில் பழகினீர்கள் என்பன மேலே ஐந்தாறு வரிகளில் முடியட்டும். முழுக் கோவையும் இரண்டு பக்கம், படங்களுக்கு மேலும் ஒரு பக்கம். ஆங்கிலத்தில் மாற்றித் தருபவர் நகைத் தொழில் அறியாதவராக இருப்பார், ஆகையால் பற்றாசு, கம்பியச்சு, மாற்று போன்ற சொற்களுக்கு அவர் என்ன போட்டிருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்த பின்பே அனுப்புங்கள். அழைப்பு வந்தால் பெரும்பாலும் ஒரு சிறு துண்டுத் தங்கத்தைக் கொடுத்துக் கம்பி இழுத்துச் சில வளையங்களைப் பற்றவைத்துக் காட்டச் சொல்வார்கள்; அன்று உங்கள் பழகிய ஊதுகுழலும் இடுக்கியும் உங்களுடனேயே இருக்கட்டும்.