கழுத்து வீக்கம் விழுங்கும்போது ஏறி இறங்குகிறது: ரத்தப் பரிசோதனை நார்மல் என்றால் போதுமா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. மைத்துனியின் கல்யாண ஆல்பம் வந்தபோதுதான் கவனித்தோம், தாலிச் சங்கிலிக்கு மேலே வலது பக்கம் ஒரு புடைப்பு தெரிகிறது. தண்ணீர் குடிக்கும்போது அது மேலே போய் இறங்குகிறது. வலி இல்லை. பக்கத்து லேபில் தைராய்டு டெஸ்ட் எடுத்தோம், டிஎஸ்ஹெச் 2.1, நார்மல் என்றார்கள். இப்போது அதே லேப்காரர் 4,800 ரூபாய்க்கு ‘முழு தைராய்டு பேக்கேஜ்’ எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா? புற்றாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. போட்டோவை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அந்தப் பேக்கேஜை எடுக்காதீர்கள். உங்கள் மனைவிக்கு அடுத்து வேண்டியது கழுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் ஒரு மெல்லிய ஊசிப் பரிசோதனை. பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டோடு விஷயம் தெளிவாகிவிடும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் தலையை நேராக வைத்துத்தான் நிற்கிறார், அப்படியும் வலப்பக்கம் புடைப்பின் நிழல் விழுகிறது, சங்கிலி அந்த இடத்தில் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. இப்படித் தலை நேராக இருக்கும்போதே கண்ணுக்குத் தெரிகிற முன்கழுத்துக் கழலையை உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் இரண்டாம் நிலை என்போம். தடவினால் மட்டும் தெரிவது முதல் நிலை. இது அளவைத்தான் சொல்கிறது. உள்ளே நீர் கட்டியிருக்கிறதா, சதையா, நல்லதா, கெட்டதா என்பதை எந்தப் போட்டோவும் சொல்லாது.

விழுங்கும்போது ஏறி இறங்குவது ஏன் என்று தெரிந்துகொண்டால் மீதி எளிது. தைராய்டு சுரப்பி மூச்சுக்குழாயோடும் குரல்வளையோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புகிறது, சுரப்பியும் கூடவே போகிறது. கழுத்தில் வருகிற நெறிக்கட்டியோ கொழுப்புக் கட்டியோ அப்படிப் போகாது. ஆகவே நீங்கள் பார்த்த அசைவு, வீக்கம் தைராய்டிலிருந்து வருகிறது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். ‘அசைகிறதே, அதனால் பயமில்லை’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல கட்டியும் அசையும், புற்றுக்கட்டியும் ஆரம்பத்தில் அசையும்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கழுத்தின் நட்டநடுவில், குரல்வளை மேட்டை ஒட்டியோ அதற்குச் சற்று மேலேயோ உருண்டையாக ஒரு வீக்கம் வருவதுண்டு. குழந்தைகளிடமும் இளவயதினரிடமும் அதிகம். அதுவும் விழுங்கினால் ஏறும். ஆனால் வாயைத் திறந்து நாக்கை நன்றாக வெளியே நீட்டச் சொன்னாலும் அது மேலே இழுபடும். கருவில் தைராய்டு நாக்கின் அடியிலிருந்துதான் கழுத்துக்கு இறங்கி வருகிறது. அது வந்த பாதை மூடாமல் நின்றுபோனால் அங்கே நீர் கட்டும். ‘சின்ன நீர்க்கட்டி, அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்’ என்று ஸ்கேன் இல்லாமலே தேதி கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தேதி குறித்து விட்ட ஒரு 11 வயதுப் பெண்ணை அவள் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். ஸ்கேன் செய்தபோது தைராய்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நடுவில் கட்டியாகத் தெரிந்ததே அந்தக் குழந்தையின் ஒரே தைராய்டு, இறங்கும் வழியில் நின்றுவிட்டிருந்தது. அதை வெட்டி எடுத்திருந்தால் சுரப்பியே இல்லாமல் போயிருக்கும். இப்போது அவள் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், வீக்கமும் சுருங்கிவிட்டது. ஆகவே நடுக்கழுத்துக் கட்டியை எடுக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், ‘தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தீர்களா?’ என்று முதலில் கேளுங்கள். உங்கள் மனைவிக்கு வீக்கம் வலப்பக்கம், கீழே இருக்கிறது. நாக்கை நீட்டச் சொல்லி வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள், அசையாது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். டிஎஸ்ஹெச் என்பது சுரப்பி அதிகமாக வேலை செய்கிறதா, குறைவாகச் செய்கிறதா என்பதைக் காட்டும் அளவு. ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருந்தால் சரி. 2.1 என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது. ஆனால் சுரப்பிக்குள் கட்டி இருக்கிறதா, அது எப்படிப்பட்டது என்பது இந்த எண்ணில் தெரியாது. தைராய்டு புற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு டிஎஸ்ஹெச் நார்மலாகவே இருக்கும். ‘நார்மல்’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பி இரண்டு மூன்று வருடம் வீட்டில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனசு கனக்கிறது.

டிஎஸ்ஹெச் நார்மலாக இருக்கும்போது பேக்கேஜில் உள்ள மற்றவை பெரும்பாலும் தேவைப்படாது. டி3, டி4 எல்லாம் டிஎஸ்ஹெச் பிசகினால் பார்க்க வேண்டியவை. தைராய்டு எதிர்ப்பணு பரிசோதனை, டிஎஸ்ஹெச் கூடியிருந்தால் காரணம் அறிய உதவும். தைரோகுளோபுலின் என்று ஒன்றைச் சேர்த்து, ‘இது கேன்சர் டெஸ்ட்’ என்று விற்கிறார்கள். அது புற்றுக்காகத் தைராய்டை எடுத்த பிறகு, நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க உதவும் பரிசோதனை. சுரப்பி உடம்பில் இருக்கும்போது சாதாரணக் கழலையிலும் அது கூடும். அந்தக் கூடிய எண்ணைப் பார்த்து ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். பேக்கேஜ் எழுதியவருக்குக் கமிஷன் போயிருக்கும், அவர்களுக்கு மிஞ்சியது பயம்.

டிஎஸ்ஹெச் குறைந்திருந்தால் மட்டும் வழி வேறு. அப்போது ஒரு அணுக்கதிர் ஸ்கேன் எடுத்து, கட்டி தானாகவே அதிக ஹார்மோன் சுரக்கிறதா என்று பார்ப்போம். அப்படிச் சுரக்கும் கட்டி புற்றாக இருப்பது மிக அரிது. உங்கள் மனைவிக்கு இந்த ஸ்கேனும் வேண்டாம், சி.டி. ஸ்கேனும் இப்போது வேண்டாம்.

அல்ட்ராசவுண்டில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை, 10, 15 நிமிட வேலை. ஆனால் ரிப்போர்ட்டை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். ‘தைராய்டில் பல கட்டிகள் உள்ளன’ என்று ஒற்றை வரியில் முடிந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எந்த மருத்துவரும் முடிவெடுக்க முடியாது. கட்டியின் அளவு மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். நீரா சதையா, ஓரம் சீராக இருக்கிறதா, சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கின்றனவா, பக்கத்தில் நெறிக்கட்டி உண்டா என்பது இருக்க வேண்டும். கடைசியில் டைராட்ஸ் என்று 1 முதல் 5 வரை ஒரு எண் இருக்க வேண்டும். எண் கூடக்கூடச் சந்தேகம் கூடும். பொதுவாக 5 என்றால் 1 சென்டிமீட்டரிலேயே ஊசி போடுவோம், 4 என்றால் ஒன்றரை, 3 என்றால் இரண்டரை சென்டிமீட்டர். 1, 2 என்றால் ஊசி வேண்டாம்.

இந்த ஊசிக்குப் பெயர் எஃப்என்ஏசி. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. ஸ்கேனில் பார்த்தபடியே கட்டிக்குள் இரண்டு மூன்று முறை செலுத்திச் செல்களை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவுவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பயத்தில் யாரும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ரிப்போர்ட்டில் பெதஸ்டா என்று 1 முதல் 6 வரை ஒரு எண் வரும். 2 என்றால் சாதாரணக் கட்டி. 6 என்றால் புற்று. நடுவில் உள்ளவற்றை மருத்துவர் விளக்குவார். ஆனால் 1 என்பதை நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1 என்றால் ‘போதுமான செல் கிடைக்கவில்லை, எதுவும் சொல்ல முடியாது’ என்று பொருள். ‘புற்றுச் செல் காணப்படவில்லை’ என்ற வரியும் சில நேரம் கூடவே இருக்கும், அதைப் படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஊசியைத் திரும்பப் போட வேண்டும் என்பதே அதற்கு அர்த்தம்.

போன வருடம் என்னிடம் வந்த ஒரு இட்லிக் கடை அம்மாவுக்கு வயது 42. மஞ்சள் பை நிறைய ரிப்போர்ட். டி3, டி4, டிஎஸ்ஹெச் மூன்று முறை எடுத்திருந்தார், மூன்றும் நார்மல். எதிர்ப்பணு, தைரோகுளோபுலின், சி.டி. ஸ்கேன் எல்லாம் இருந்தன. அல்ட்ராசவுண்ட் மட்டும் இல்லை. நான் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் வலப்பக்கம் 32 மில்லிமீட்டர் கட்டி, பாதி நீர், பாதி சதை, டைராட்ஸ் 3. இரண்டரையைத் தாண்டியதால் ஊசி போட்டோம், பெதஸ்டா 2 வந்தது. அறுவை வேண்டாம், ஒரு வருடம் கழித்து ஸ்கேன் எடுத்தால் போதும் என்று அனுப்பினேன். அந்தப் பைக்குள் இருந்த செலவில் பத்தில் ஒரு பங்கில் இதை முடித்திருக்கலாம்.

அரசு மருத்துவமனையில் இதெல்லாம் காசில்லாமல் நடக்கும். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்று எண்டோகிரைன் அறுவை சிகிச்சைத் துறையே தனியாக இருக்கிறது. ஆனால் பல ஊர்களில் சீட்டு வாங்க ஒரு நாள், ஸ்கேனுக்கு இன்னொரு தேதி, ஊசிக்கு வேறொரு கட்டடம், ரிப்போர்ட்டுக்கு மறுபடி ஒரு நாள் என்று தினக்கூலிக்காரரை நான்கு முறை அலைய விடுகிறோம். ஸ்கேனையும் ஊசியையும் ஒரே அறையில், ஒரே காலையில் முடிக்க முடியும். வருடக்கணக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த அலைச்சலில்தான் வாசலில் நிற்கும் ஏஜென்ட் ‘இன்றைக்கே முடித்துத் தருகிறேன்’ என்று கூட்டிப் போகிறார். அவர் பின்னால் போகாதீர்கள்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். தைராய்டு கட்டிகளில் பத்துக்கு ஒன்பது புற்று அல்ல. ஆனால் குரல் கம்மினாலோ, சாப்பாடு இறங்கச் சிரமமாக இருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கட்டி சில வாரங்களில் மளமளவென்று பெருத்தாலோ நாள் பார்க்காமல் உடனே போங்கள். கட்டி கரைய என்று தைராக்சின் மாத்திரையை யாராவது எழுதிக் கொடுத்தால், டிஎஸ்ஹெச் நார்மலாக இருக்கிற உங்கள் மனைவிக்கு அது வேண்டாம்.

ஸ்கேனுக்குப் போகும்போது அந்தக் கல்யாணப் படத்தோடு, ஐந்தாறு வருடம் முன்பு எடுத்த படங்கள் சிலவற்றையும், கழுத்து தெரிகிற மாதிரி, எடுத்துப் போங்கள். அவற்றிலும் அதே இடத்தில் மெல்லிய நிழல் தெரிந்தால், கட்டி எத்தனை வருடமாக இருக்கிறது, எவ்வளவு மெதுவாக வளர்ந்திருக்கிறது என்பது மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.