ஒரு கையெழுத்தா, இரண்டு கையெழுத்தா?

"மண்டபத்தில் என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பங்குக்கு விசைப்படகு வைத்திருந்தார்கள். பேங்கில் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம். வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. 4,80,000 ரூபாய் கிடக்கிறது. அண்ணன் கையெழுத்துக்கும் தர மாட்டார்களாம், நாமினியான எனக்கும் தர மாட்டார்களாம். தடைக்காலத்தில் இன்ஜின் வேலை பார்க்கவேண்டும். என்ன செய்வது?"

சகோதரி, எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் பேங்க் சொல்வது சரி. 'இருவரும் சேர்ந்து' என்று தொடங்கிய கணக்கில் ஒருவர் போய்விட்டால் மற்றவரின் கையெழுத்து தனியாகச் செல்லாது. நாமினி விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்: கூட்டுக் கணக்கில் நாமினிக்கு உரிமை வருவது கணக்குதாரர்கள் எல்லாரும் இறந்த பிறகுதான், அண்ணன் உயிரோடு இருக்கும்வரை அந்த இடத்தில் உங்கள் பெயர் இருந்தும் பயனில்லை.

அதனால் இப்போது பணம் அண்ணனுக்கும் உங்கள் கணவரின் வாரிசுகளுக்கும் சேர்த்துத்தான் வரும். இந்து வாரிசுச் சட்டப்படி நீங்கள், பிள்ளைகள், கணவரின் அம்மா உயிரோடு இருந்தால் அவரும் சம பங்குக்காரர்கள். மாமியாரை விட்டுவிட்டு மனுப் போடாதீர்கள், அங்கேதான் கோப்பு நின்றுவிடும். இறப்புச் சான்றிதழ், இ-சேவை மையம் வழியாக தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், எல்லாருடைய ஆதார், பேங்கின் கோரிக்கைப் படிவம், அவர்கள் கேட்டால் உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மைனர் என்றால் காப்பாளராக நீங்கள் கையெழுத்துப் போடவேண்டும். பேங்க் பங்கு பிரித்துத் தராது, அது உங்கள் வீட்டுப் பேச்சு. பாதிப் பாதி என்று அண்ணனும் ஒப்புக்கொண்டால் கணவர் பங்கு 2,40,000. இரண்டு பிள்ளைகள், மாமியார், நீங்கள் என்றால் ஆளுக்கு 60,000. அதை ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை மீன் ஏவாரியிடமிருந்து வரும் பணத்தை இந்தக் கணக்கில் போடச் சொல்லாதீர்கள், அதுவும் மாட்டிக்கொள்ளும்.

இதே கணக்கு 'ஐதர் ஆர் சர்வைவர்' என்று இருந்திருந்தால், அதாவது இருவரில் யாரும், ஒருவர் இறந்தால் மற்றவர் என்று, அண்ணன் இறப்புச் சான்றிதழைக் கொடுத்து மொத்தத்தையும் எடுத்திருக்கலாம். கோர்ட் தடை இல்லாவிட்டால் பேங்க் கேள்வி கேட்காது. சட்டப்படி உங்கள் பங்கை உங்களுக்காக வாங்கி வைத்திருப்பவர் மட்டும்தான் அவர், ஆனால் அதைத் திரும்பக் கேட்க நீங்கள்தான் அலையவேண்டும். இன்றைக்கு உங்களை இழுத்தடிக்கிற அந்த இரண்டாவது கையெழுத்துதான் உங்கள் பிள்ளைகளின் பங்கையும் காத்து நிற்கிறது.

அப்புறம், வரும் பணத்தை அம்மா பெயரையோ பெரிய பிள்ளை பெயரையோ சேர்த்து வைப்பு நிதியில் போடுவதாக இருந்தால் ஐதர் ஆர் சர்வைவர் போதும். ஆனால் 'ஒருவர் இறந்தால் மற்றவர் முதிர்வுக்கு முன்பே எடுக்கலாம்' என்ற இசைவையும் தொடங்கும் நாளிலேயே இருவரும் எழுதிக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் நடுவில் உடைக்கும்போது மறுபடியும் வாரிசுகள் எல்லாருடைய கையெழுத்தும் கேட்பார்கள்.