நியோ குகையின் கறுப்பும் இருட்டும்: கேள்வி பதில்

பாறைப் பரப்புகளையும் பழைய நிறமிகளையும் ஆராய்வது என் வேலை. கற்கால மனிதர்கள் குகைச் சுவரில் எதைக்கொண்டு வரைந்தார்கள், அவ்வளவு இருட்டுக்குள்ளே ஏன் போனார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாக் குகைகளையும் சேர்த்துப் பேசினால் பேச்சு எங்கோ போய்விடும். அதனால் தெற்கு பிரான்சில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள நியோ குகையையே பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஓவிய ஆசிரியை: "அக்கா, அந்தக் கறுப்பு வெறும் அடுப்புக்கரியா? பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லணும்."

பாதி கரி, பாதி கல். நியோவில் 'கறுப்பு மண்டபம்' என்று பெயர் பெற்ற ஒரு பெரிய அறை இருக்கிறது. வாசலிலிருந்து 700 மீட்டருக்கு மேல் உள்ளே நடக்க வேண்டும். குகையின் பெரும்பாலான மிருகங்கள் அங்கேதான் இருக்கின்றன: பைசன், குதிரை, மலையாடு. 1990 வாக்கில் ஜான் க்ளோத், மிஷெல் மெனு, ஃபிலிப் வால்டர் ஆகிய ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து ஊசிமுனையளவு துகள்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பல உருவங்களில் முதலில் கரியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, அதன் மேல் மாங்கனீசு ஆக்சைடு என்ற கறுப்புக் கல்லை அரைத்த மையால் தூரிகைபோட்டு முடித்திருந்தது தெரிந்தது.

அந்த மையில் கறுப்புக் கல் மட்டும் இல்லை. வெளிறிய இன்னொரு கல்லும் பொடியாகக் கலந்திருந்தது. சிலவற்றில் டால்க், சிலவற்றில் ஃபெல்ட்ஸ்பார், இன்னும் சிலவற்றில் ஃபெல்ட்ஸ்பாரோடு மின்னும் கறுப்பு அபிரகம். இப்படிக் கலந்தால் நல்ல கறுப்பு குறைவாகச் செலவாகும், காயும்போது மை வெடிக்காது, சுவரில் நன்றாக ஒட்டும். எளிதில் கிடைக்காத பொருளை யோசித்துச் செலவழித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் லா வாஷ் என்ற குகை இருக்கிறது. அங்கே மனிதர்கள் தங்கினார்கள், சமைத்தார்கள், எலும்பில் செதுக்கினார்கள். அந்த எலும்புச் செதுக்கல்களின் கீறல்களில் ஒட்டியிருந்த நிறத்திலும் இந்த அபிரகக் கலவையே கிடைத்தது. வரைந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல தடயம் அபூர்வம். ஆனால் இந்தச் 'செய்முறை' வாதத்தை எல்லோரும் ஏற்கவில்லை. அபிரகமும் ஃபெல்ட்ஸ்பாரும் கல்லிலேயே இயற்கையாகக் கலந்திருக்கலாம், அரைத்த கல்லிலிருந்து உதிர்ந்திருக்கலாம் என்கிறவர்களும் உண்டு. டால்க் விஷயத்தில் அந்த மறுப்பு எனக்கு வலுவாகப் படவில்லை. அபிரகத்தில் யோசிக்க வைக்கிறது.

கல்லூரி மாணவர்: "சிவப்பு எல்லாம் மிருக ரத்தம்தானே மேடம்?"

இல்லை. சிவப்பு என்றால் காவி, அதாவது இரும்பு ஆக்சைடு. ரத்தம் காய்ந்தால் பழுப்பாகி உதிரும்.

இன்னொருவர்: "ரத்தத்தோடு கொழுப்பு கலந்தால் நிற்குமாமே?"

மேலே பாருங்கள். கொழுப்பு பற்றிக் கேட்டது மட்டும் நல்ல கேள்வி. அதே வட்டாரக் குகைகள் சிலவற்றின் நிறத்தில் கொழுப்புத் தடம் இருப்பதாக 1991-இல் எழுதினார்கள். மற்றபடி தண்ணீரே போதும். ஈரமான சுண்ணாம்புப் பாறையில் கால்சைட் படிந்து நிறத்தைப் பூட்டிவிடும்.

மின்பணியாளர்: "மாங்கனீசுதான் பழைய டார்ச் செல்லுக்குள்ளே இருக்கு. உடைச்சு எடுத்தேன், அரைச்சா அதே கறுப்பு வருமா?"

உடைத்துவிட்டீர்களா! மாங்கனீசு டையாக்சைடு இருக்கிறது என்பது சரி. ஆனால் கார்பன் தூளும் துத்தநாக உப்பும் அதோடு கலந்திருக்கும். மாங்கனீசுத் தூசியை நாள்பட மூச்சில் இழுத்தால் நரம்பு கெடும். உலர்வாக அரைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றி அரைத்துப் பார்க்க ஆசை என்றால் கரியும் காவியும் போதும். இதை எல்லோருக்கும்தான் சொல்கிறேன்.

ஊர்ச் சுற்றுலா வழிகாட்டி: "நம்ம சித்தன்னவாசலிலும் இப்படித்தான் இருட்டில் வரைந்தார்களா?"

அது சமணக் குடைவரை ஓவியம், வரலாற்றுக் காலம். இந்தக் கணக்கில் வராது. கீழ்வாலை போன்ற பாறை ஓவியங்களைப் பற்றிக் கேட்டிருந்தால் பொருந்தும், அங்கேயும் இருட்டு இல்லை. ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: போட்டோ தெளிவாக வர பாறை ஓவியத்தின் மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாக்பீஸால் வரம்பு போடாதீர்கள். தண்ணீர் உப்பை மேலே இழுத்துவரும், நிறம் உதிரும்.

ஒலிப்பதிவாளர்: "உள்ளே போனது எதிரொலிக்காகத்தான். கறுப்பு மண்டபத்தில் பாடினால் கோயில் மாதிரி கேட்குமாம். அறிவியலே நிரூபித்துவிட்டது."

பாதி சரி. 1988-இல் ரெஸ்னிகோஃப், டோவ்வா என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியோவில் குரல் கொடுத்துப் பார்த்து, படங்கள் உள்ள இடங்களில் ஒலி சிறப்பாக எதிரொலிப்பதாகச் சொன்னார்கள். கறுப்பு மண்டபம் நன்றாக முழங்குகிறது என்பது உண்மை. ஆனால் பிறகு வட ஸ்பெயின் குகைகளில் கருவி வைத்து அளந்தவர்களுக்குக் கிடைத்தது பலவீனமான தொடர்புதான். பெரிய அறை முழங்கும், பெரிய அறையில் வரைய இடமும் இருக்கும். இரண்டும் ஒன்றாக வருவதில் என்ன அதிசயம்?

பகுத்தறிவாளர்: "எதிரொலியும் வேண்டாம், பூசாரியும் வேண்டாம். வெளியே வரைந்தது மழையில் அழிந்தது, உள்ளே வரைந்தது பிழைத்தது. அவ்வளவுதான்."

இதிலும் பாதி உண்மை. போர்ச்சுகலின் கோவா பள்ளத்தாக்கில் திறந்தவெளிப் பாறையில் செதுக்கினார்கள். பிரான்சின் கேப் ப்ளாங்கில் பகல் வெளிச்சம் விழும் பாறைக் குடிலில் குதிரைகளைச் செதுக்கினார்கள். ஆக வெளியேயும் வேலை நடந்தது. ஆனால் நியோவுக்கு இது போதாது. கறுப்பு மண்டபத்துக்குப் போகும் வழி நெடுக நல்ல சுவர்கள், அதே இருட்டு, அதே பாதுகாப்பு. அங்கே சில சிவப்புப் புள்ளிகளும் கோடுகளும்தான் இருக்கின்றன. மிருகக் கூட்டம் உள் மண்டபத்தில்தான் குவிகிறது. அழிவு அப்படித் தேர்ந்தெடுக்காது, மனிதன்தான் தேர்ந்தெடுப்பான்.

ஒலிப்பதிவாளர்: "அப்போ நான் சொன்னதுதான்!"

பகுத்தறிவாளர்: "தேர்ந்தெடுத்தான் என்றால் எதிரொலிக்காக என்று ஆகிவிடுமா?"

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். தேர்ந்தெடுத்தார்கள் என்பது வரைக்கும்தான் ஆதாரம் போகிறது. க்ளோதும் லூயிஸ்-வில்லியம்ஸும் 1996-இல் மருளாடிகள் பற்றி எழுதினார்கள்: இருட்டில் நிலை மாறிய மனம் பாறைக்குள்ளே மிருகத்தைக் காண்கிறது என்று. அழகான விளக்கம், சோதித்துப் பார்க்க வழி கிடையாது. தீப்பந்தம் பிராணவாயுவைக் குடித்து மயக்கம் வரும் என்று 2021-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டார்கள். ஒடுங்கிய வழிகளுக்கு அது பொருந்தலாம், கறுப்பு மண்டபத்தின் உயரத்துக்கு எனக்கு நம்பிக்கை வரவில்லை. வேட்டையில் மிருகம் சிக்க வேண்டும் என்று மந்திரமாக வரைந்தார்கள் என்பதும் சங்கடத்தில்தான் நிற்கிறது. லா வாஷில் தின்றது மலையாடும் பனிக்கவுதாரியும். சுவரில் முதலிடம் பைசனுக்கு.

ஒலிப்பதிவாளர்: "மலையாடும் சுவரில் இருக்கே?"

இருக்கிறது. அதனால்தான் 'சங்கடம்' என்றேன், 'தோற்றது' என்று சொல்லவில்லை.

வீட்டிலிருந்து படிப்பவர்: "அவ்வளவு தூரம் உள்ளே வெளிச்சத்துக்கு என்ன செய்தாங்க? புகையில கண்ணு எரியாதா?"

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. பாஸ்க் நாட்டுக் குகையில் இதைச் செய்து பார்த்து 2021-இல் எழுதியிருக்கிறார்கள். மரப்பந்தம் சராசரியாக 40 நிமிடம் எரிந்தது, வெளிச்சம் ஆறு மீட்டர் வரை போனது. நடக்க நல்லது, ஆனால் புகை. கொழுப்பு ஊற்றி ஜூனிபர் என்ற செடியின் திரி போட்ட கல்விளக்கு மூன்று மீட்டர்தான் காட்டியது, ஆனால் புகையே இல்லை எனலாம். கரடுமுரடான தரையில் 700 மீட்டர் போய்த் திரும்பவே ஒரு பந்தம் தீர்ந்துவிடும். ஆகவே கூடுதல் பந்தம், கொழுப்பு, அரைத்த மை எல்லாம் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். திடீரென்று தோன்றி வரைந்த வேலை இல்லை. ஒரு தடவையில் முடிந்ததும் இல்லை: அதே மண்டபத்தில் இரண்டு பைசன்களின் கரியைக் காலக்கணிப்பு செய்தபோது ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இடைவெளி வந்தது.

புதியவர்: "சிவப்புக்கு ரத்தம்தானே யூஸ் பண்ணாங்க?"

மூன்றாவது தடவை. காவி!

மின்பணியாளர்: "செல்லை ஈரமா அரைச்சா சரியா மேடம்?"

இல்லை. ஒரு பையில் கட்டி மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.