ஞாயிற்றுக்கிழமை எலும்பு வாங்கினால் திங்கட்கிழமை சமையலும் பாதி முடிந்தது

கேள்வி: "கடலூரில் இருக்கிறோம், வீட்டில் 4 பேர். ஞாயிறு மதியம் ஆட்டுக்கறிதான் வேண்டும் என்கிறார்கள், ஒரு கிலோ கறி எடுத்தால் கட்டுப்படி ஆகவில்லை. குறைந்த செலவில் செய்து, திங்கட்கிழமை டிபன் பாக்ஸுக்கும் ராத்திரிக்கும் உதவுகிற மாதிரி எப்படித் திட்டமிடுவது?"

தனிக்கறி கால் கிலோ மட்டும் வாங்குங்கள், கூடவே முக்கால் கிலோ எலும்பு. எலும்பு என்றால் கறி மொத்தமும் சீவி எடுத்துவிட்ட வெறும் கால் எலும்பு இல்லை, நெஞ்செலும்பும் கழுத்தும். கழுத்தில் எலும்புக்கு இடையில் நிறைய கறி ஒட்டியிருக்கும். நெஞ்செலும்பின் நுனியில் இருக்கிற குருத்தெலும்பும் ஜவ்வும் நின்று வெந்தால் கரைந்து சாறில் இறங்கிவிடும், குழம்புக்குக் கனம் கொடுப்பது அதுதான். சில கடைகளில் கழுத்தையும் குழம்புக்கறி விலைக்கே போடுவார்கள், அங்கே சூப் எலும்பு என்று கேட்டு நெஞ்சுப்பக்கமாகப் பார்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எலும்பையும் கறியையும் கலந்து வெட்டிக் கொடுத்துவிடுவார்கள், அதனால் "அண்ணே, எலும்பு தனியா, கறி தனியா, எலும்பு பெரிய துண்டா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பொடியாக வெட்டினால் சில்லு சில்லாக உடைந்து குழம்பில் கிடக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்கவே பயமாக இருக்கும். ஈரலும் சுவரொட்டியும் விலை குறைவுதான், ஆனால் அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டியவை. மறுநாள் சூடு பண்ணினால் ஈரல் ரப்பர் மாதிரி ஆகிவிடும், திங்கட்கிழமைக்குக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இந்தச் சமையலின் சூட்சுமமே எலும்பையும் கறியையும் ஒன்றாகப் போடாமல் இருப்பதுதான். எலும்பு வேகிற நேரத்தில் கறி நார் நாராகப் போய்விடும். முதலில் எலும்பை மட்டும் 5 லிட்டர் குக்கரில் போட்டு 8 டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், இடித்த மிளகு, ஒரு துண்டு இஞ்சி, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், உப்பு அரை ஸ்பூன் மட்டும் சேர்த்து, ஒரு விசில் வந்ததும் அடுப்பைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். ஆவி தானாக அடங்கட்டும். நெஞ்செலும்பு நுனியை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், கழுத்துக் கறி இழுத்ததும் கையோடு வர வேண்டும். வரவில்லையா, இன்னும் 10 நிமிடம்.

இப்போதே, மசாலா எதுவும் போடுவதற்கு முன்னாலேயே, திங்கட்கிழமை பங்கைப் பிரித்துவிடுங்கள். 3 டம்ளர் சாறை வடிகட்டி ஒரு பாத்திரத்தில். கழுத்துத் துண்டுகளில் இருக்கிற கறியை உருவி ஒரு கிண்ணத்தில், அநேகமாக ஒரு கிண்ணம் நிறையவே வரும். அந்தக் கழுத்து எலும்பு இரண்டைச் சாறிலேயே போட்டு வையுங்கள். சாப்பிட்டு மீந்தால் எடுத்து வைக்கலாம் என்று விட்டால் ஞாயிறு மதியம் ஒன்றும் மிஞ்சாது, மீந்தாலும் அது தேங்காய் சேர்ந்த குழம்பாக இருக்கும்.

தேங்காய்தான் இங்கே பிரச்சினை. அரைத்துவிட்ட தேங்காய் சேர்ந்த குழம்பு ஃபிரிட்ஜில் தாங்கும், ஆனால் காலையில் சூடு பண்ணி டப்பாவில் கட்டிக்கொடுத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் மதியத்துக்குள் ஊசிவிடும். உருளைக்கிழங்கும் அப்படித்தான். அதனால் அது இரண்டும் ஞாயிற்றுக்கிழமை சட்டிக்கு மட்டும்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமை குழம்பு நீங்கள் வழக்கமாகச் செய்கிற மாதிரியே. எண்ணெயில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, வீட்டு மிளகாய்த்தூள், கால் கிலோ கறி எல்லாம் பிரட்டி, மீதிச் சாறை ஊற்றி 4 விசில், அப்புறம் மீதி எலும்பு, உருளைக்கிழங்கு, சோம்போடு அரைத்த தேங்காய் சேர்த்துக் கிழங்கு வேகும்வரை கொதிக்க விடுங்கள். உப்பை இந்தக் கட்டத்தில் பார்த்துப் போடுங்கள், சாறில் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. கடைசியில் வெங்காய வடகம் தாளித்துக் கொட்டினால் போதும், கறி குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கடலூர், பாண்டிப் பக்கம் வடகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடித்து உறிஞ்ச எலும்பு, ஆளுக்கு நாலைந்து துண்டு கறி, கனமான குழம்பு, 4 பேருக்குத் திருப்தியாக இருக்கும்.

எடுத்து வைத்ததை ஆற வைப்பதில் சோம்பல் வேண்டாம். அகலமான பாத்திரத்தில் ஊற்றி, அதைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் சீக்கிரம் ஆறும், 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். சாயந்தரம் வரை அடுப்பு மேலேயே இருக்கட்டும், ராத்திரி ஒரு கொதி விட்டுக்கொள்ளலாம் என்று பலர் வைக்கிறார்கள். கறிச் சாறு வெதுவெதுப்பாகக் கிடக்கிற நேரத்தில் கிருமி பெருகிவிடும், சில கிருமி விட்ட நஞ்சு அப்புறம் கொதிக்க வைத்தாலும் போகாது. வாடை மாறவில்லை என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் பாத்திரத்தைத் திறந்தால் சாறு அல்வா பதத்தில் தளதளவென்று உறைந்திருக்கும். மேலே வெள்ளையாக ஒரு தகடு, அது கொழுப்பு. ஸ்பூனை ஓரத்தில் விட்டு நெம்பினால் அப்படியே பெயர்ந்து வரும். இதை அவசியம் எடுத்துவிடுங்கள். ஆட்டுக்கொழுப்பு நம் ஊர் வெயிலிலும் உறைந்தே நிற்கும், ஆறிப்போன டிபன் பாக்ஸ் சாப்பாட்டில் மேல் அண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். தூக்கிப் போட வேண்டாம், ராத்திரி சூடாகச் சாப்பிடப் போகிற பதார்த்தத்துக்குத் தாளிக்க ஒரு ஸ்பூன் போதும்.

டிபன் பாக்ஸுக்கு உருவி வைத்த கறி. நல்லெண்ணெயில் சோம்பு, கறிவேப்பிலை, நிறைய சின்ன வெங்காயம் வதக்கி, கறியைப் போட்டு ஆவி பறக்கச் சூடேறியதும் மிளகுத்தூள், உப்பு தூவி ஈரம் வற்றும்வரை பிரட்டுங்கள். தண்ணீர் சொட்டுகூட இருக்கக் கூடாது, ஈரம் இருந்தால் மதியம் வரை நிற்பது சந்தேகம். ரசம் சாதத்துக்கும் எலுமிச்சம்பழச் சாதத்துக்கும் இது போதும், 10 நிமிட வேலை.

ராத்திரிக்கு அந்தச் சாறில் தால்சா. 100 கிராம் துவரம்பருப்பும் ஒரு கை கடலைப்பருப்பும் அரை மணி ஊற வைத்து, எலும்புச் சாறையே ஊற்றிக் குக்கரில் வேக வையுங்கள். தனியாக வாணலியில் எடுத்து வைத்த கொழுப்பில் பட்டை, சோம்பு, வெங்காயம், பச்சை மிளகாய், தக்காளி வதக்கி, நாலாகக் கீறிய கத்திரிக்காய், மிளகாய்த்தூள், கொஞ்சம் தண்ணீர். காய் வெந்ததும் பருப்பைக் கொட்டி, புளிக்கரைசலைக் கடைசியில் ஊற்றுங்கள், முன்னாலேயே ஊற்றினால் காய் வேகாமல் கடுக்கென்று நிற்கும். மாங்காய் கிடைக்கிற நாளில் புளிக்குப் பதில் நாலு துண்டு மாங்காய். சோற்றுக்கும் தோசைக்கும் வரும். செவ்வாய்க்கிழமைக்கு வைக்காமல் அன்றைக்கே காலி பண்ணிவிடுங்கள், ஏற்கெனவே ஒருமுறை ஆறிச் சூடேறிய சாறு அது.