எட்டாம் வரியில் போன மூன்று புள்ளி

மதிப்புக்குரிய ஐயா,

நான் யாழ்ப்பாணத்தில் அளவையியல் படிக்கும் இரண்டாம் வருட மாணவன். இயற்கைப் பெறுகை வினா ஒன்றில் என் எட்டாம் வரிக்குச் சிவப்புக் கோடு போட்டு, 10 இல் 3 புள்ளியைச் சேர் வெட்டிவிட்டார். உண்மை அட்டவணை போட்டுப் பார்த்தேன், முடிவு சரி. ஏ.எல்.லில் இதையெல்லாம் நேரல் பெறுகை என்று ஒரே பெயரில்தான் எழுதினோம். மரியாதை குறையாமல் அவருக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது?

```
1  ¬(P→Q)
2  | ¬P
3  | | P
4  | | ⊥      2,3 ¬E
5  | | Q      4 ⊥E
6  | P→Q      3-5 →I
7  | ⊥        1,6 ¬E
8  P          2-7 ¬I
```

அன்புள்ள தம்பி,

கோடு விழுந்தது சரியான இடத்தில்தான். ¬I விதி என்ன தருகிறது என்று பாரும். எடுகோள் முரணில் போய் முடிந்தால், அந்த எடுகோளை அப்படியே வைத்து அதன் முன்னால் ஒரு ¬ போடலாம். உம்முடைய எடுகோள் ¬P. ஆகவே எட்டாம் வரியில் வரவேண்டியது ¬¬P. அங்கிருந்து P க்கு வர இன்னொரு விதி வேண்டும். ஏ.எல்.லில் பழகிய நேரல் பெறுகை இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிடும். கை அந்தப் பழக்கத்தில் போயிருக்கிறது.

இது வெறும் பெயர்ப் பிழை இல்லை. ஜென்ட்சன் 1930களில் இந்த முறையை அமைத்தபோது உள்ளுணர்வுவாத அளவையியலுக்கு ஒரு தொகுதி, செவ்வியல் அளவையியலுக்கு ஒரு தொகுதி என்று இரண்டாகவே தந்தார். உம்முடைய முதல் ஏழு வரியும் இரண்டிலும் செல்லும். ¬¬P யும் இரண்டிலும் கிடைக்கும். P கிடைப்பது செவ்வியலில் மட்டும். இரண்டும் பிரியும் அதே இடத்தில்தான் நீர் ¬I என்று எழுதியிருக்கிறீர்.

உண்மை அட்டவணையை மின்னஞ்சலில் எடுக்கவே வேண்டாம். முடிவு தவறென்று சேர் சொல்லவில்லையே. வரிக்கு வரி விதி பொருந்துகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி.

ஆனால் 3 புள்ளி அதிகம் என்று எனக்கும் படுகிறது. கேட்பதற்கு முன் வகுப்பில் தந்த விதித் தாளை எடுத்துப் பாரும். ¬P யிலிருந்து முரண் வந்தால் நேரே P எழுதலாம் என்ற விதி அதில் இருந்தால், உம்முடைய வரி சரி, பக்கத்தில் எழுதிய பெயர் மட்டும் பிழை. அப்படியானால் உம்மிடம் நல்ல நியாயம் இருக்கிறது. ¬¬E மட்டும் இருந்தால் ஒரு வரி விடுபட்டிருக்கிறது, நியாயம் கொஞ்சம் மெலிவு. அப்போதும் கேட்கலாம். முதல் வகையென்றால் இப்படி எழுதும்:

“மதிப்புக்குரிய சேர், மூன்றாம் வினாவின் எட்டாம் வரியில் ¬I என்று குறித்தது என் பிழை. ¬I தருவது ¬¬P என்று இப்போது விளங்குகிறது. விதித் தாளில் உள்ள முரண்வழி நிறுவல் விதியின்படி 2-7 இலிருந்து P வரும் என்று நினைக்கிறேன். விதியின் பெயரை மாற்றி எழுதியதற்கு எவ்வளவு புள்ளி குறையும் என்று சொல்லுவீர்களா? நேரில் வரச் சொன்னால் விடைத்தாளோடு வருகிறேன்.”

மூன்றாம் வினா என்று நானாகப் போட்டேன், உமது இலக்கத்தை மாற்றிக்கொள்ளும். பக்கத்து மேசைக்காரனுக்கு எத்தனை வெட்டினார் என்ற கதையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டாம்.