ஆர்.ஓ. ஏ.எம்.சி.க்கு விலை வைப்பதும் விற்பதும்

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களுக்குச் சர்வீஸ் செய்கிறேன். ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம் போடச் சொன்னால் “பிறகு பார்க்கலாம்” என்கிறார்கள். போட்ட சிலரிடமும் எனக்கு நஷ்டம்தான். விலை எப்படி வைப்பது, எப்படிப் பேசுவது?

பதில்:

நஷ்டத்திலிருந்து தொடங்குகிறேன். விலை தவறாக இருக்கும்வரை, நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டால் நஷ்டம்தான் கூடும்.

தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் 22 வீடுகளுக்கு ஒப்பந்தம் போட்டேன். எல்லா உதிரிபாகங்களும் அடங்கிய முழு ஒப்பந்தம், எல்லா வீட்டுக்கும் ஒரே விலை. அந்தக் கட்டடத்துக்கு வந்தது கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். ஏழாவது மாதத்திலிருந்து “டேங்க் நிரம்பவே மாட்டேன் என்கிறது” என்று வரிசையாக அழைப்புகள் வந்தன. மெம்பிரேனைக் கழற்றினால் அதன் முனையில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. வாங்கிய பணமெல்லாம் மெம்பிரேன் வாங்கவே போனது. அன்றிலிருந்து நான் இயந்திரத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. உள்ளே வரும் தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கணக்கைக் காட்டுகிறேன். உதிரிபாக விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால், நீங்கள் ஒரு மெம்பிரேன் வாங்கும் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டு எழுதுகிறேன். உங்கள் கொள்முதல் ரசீதை வைத்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே கிண்ணத்தில் போடும் செடிமென்ட் கேண்டில் 8. உள்ளே இருக்கும் செடிமென்ட், கார்பன் ஃபில்டர்கள் ஒரு செட் 40. ஒருமுறை வீட்டுக்குப் போய்வரும் செலவு, அதாவது எரிபொருளும் ஆள் கூலியும், 25. பம்ப், அடாப்டர், சோலினாய்டு வால்வு போன்றவை எப்போது பழுதாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் பத்து இயந்திரங்களில் ஓராண்டில் ஒரு பம்பும் இரண்டு அடாப்டர்களும் இரண்டு வால்வுகளும் போகும் என்று வைத்து, அந்தச் செலவை எல்லா வீட்டுக்கும் பிரித்துவிடுங்கள். வீட்டுக்கு 24 என்று கொள்வோம்.

முதல் வீட்டில் உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, 250. முறைப்படி மூன்று முறை போக வேண்டும், அழைப்பின் பேரில் இன்னொரு முறை, போக்குவரத்துக்கு 100. மூன்று கேண்டில் 24, ஃபில்டர் செட் ஒன்று 40. இந்தத் தண்ணீருக்கு மெம்பிரேன் இரண்டு ஆண்டு தாங்கும் என்று எடுத்தால் ஓராண்டுப் பங்கு 50. மின்பாகங்களுக்கு 24. மொத்தம் 238. நான் விற்கும் விலையில் நான்கில் ஒரு பங்கு லாபத்துக்கும் கடைச் செலவுக்கும் வேண்டும். ஆகவே 238ஐ 0.75ஆல் வகுக்கிறேன். ஏறக்குறைய 320.

இரண்டாவது வீட்டில் டி.டி.எஸ். 1,500, குழாய் வாயில் வெள்ளைப் படிவு. இங்கே ஆறு முறை போக வேண்டியிருக்கும், 150. நான்கு கேண்டில் 32, இரண்டு ஃபில்டர் செட் 80, மெம்பிரேன் ஆண்டுக்கு ஒன்று 100, மின்பாகங்கள் 24. மொத்தம் 386. விற்க வேண்டிய விலை 515. இந்த வீட்டுக்கும் 320 என்று சொன்னால், லாபம் ஒருபுறம் இருக்கட்டும், 66 உங்கள் கையிலிருந்து போகும். உங்களுக்கு நஷ்டம் தந்த வீடுகளின் டி.டி.எஸ்.ஸை இப்போது போய் அளந்து பாருங்கள். பெரும்பாலும் இந்த ரகமாகத்தான் இருக்கும்.

515 கேட்டால் அந்த வீட்டார் தயங்குவார்கள் என்பது உண்மைதான். அதனால் கடினத் தண்ணீர் வீடுகளுக்கு நான் முழு ஒப்பந்தத்தை முன்வைப்பதே இல்லை. மெம்பிரேன் நீங்கலாக மற்ற எல்லாம் அடங்கிய ஒப்பந்தம் தருகிறேன். செலவு 286, விலை 380. மெம்பிரேன் போனால் ஒப்பந்தக்காரருக்கான விலையில் தனியாக மாற்றித் தருவேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். இரு தரப்புக்கும் இதில் மனத்தாங்கல் வந்ததில்லை.

முழு ஒப்பந்தம் போடும் வீட்டில் “மெம்பிரேன் போய்விட்டது” என்பதை யார் முடிவு செய்வது என்பதில்தான் சண்டை வரும். அதை எண்ணால் எழுதிவிடுங்கள். உள்ளே வரும் தண்ணீர் 600, மெம்பிரேனிலிருந்து வெளியே வருவது 48 என்றால் 92 சதவீதம் நீக்குகிறது, நல்ல நிலை. அது 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அல்லது ஃபில்டர்களை மாற்றிய பிறகும் தொடக்கத்தில் ஒரு லிட்டர் நிரம்ப எடுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஆனால், மாற்றித் தருவேன் என்பது என் ஒப்பந்தத்தில் உள்ள வரி. அளக்கும்போது ஒரு கவனம் வேண்டும். குழாயில் பிடித்த தண்ணீரை அளக்காதீர்கள். பல இயந்திரங்களில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் மெம்பிரேன் வழியாகப் போகாத தண்ணீரைச் சிறிது கலந்துவிடும், மினரல் கேட்ரிஜ் இருந்தாலும் எண் ஏறும். மெம்பிரேன் கூட்டிலிருந்து வரும் சுத்தநீர்க் குழாயைக் கழற்றி, அதில் நேராகப் பிடித்து அளங்கள். இது தெரியாமல் நல்ல மெம்பிரேனை மாற்றியவர்கள் பலர்.

கார்பன் ஃபில்டரில் மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். குளோரின் கலந்த தண்ணீர் வரும் இடத்தில் கார்பன் தீர்ந்துவிட்டால் குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். அடையாளம் எளிது: படிவால் அடைத்த மெம்பிரேனில் தண்ணீர் குறையும், குளோரின் அரித்ததில் தண்ணீர் தாராளமாக வரும், ஆனால் டி.டி.எஸ். ஏறியிருக்கும். இரண்டாவது வகை உங்கள் ஒப்பந்தத்தில் நடந்தால், 40க்கு மாற்றவேண்டியதைத் தள்ளிப்போட்டு 100 இழந்தீர்கள் என்று பொருள்.

இனிப் பேச்சு. நீங்கள் எப்போது கேட்கிறீர்கள்? இயந்திரம் கழன்று கிடக்கும்போது கேட்டால் வீட்டாருக்கு அது மிரட்டலாகப் படும். தொலைபேசியில் கேட்டால் “பிறகு பார்க்கலாம்” தவிர வேறு பதில் வராது. நான் பழுதை முடித்து, மூடியைப் பூட்டி, தண்ணீர் ஓடுவதைக் காட்டிய பிறகுதான் பேச்சை எடுப்பேன். அப்போது கையில் இரண்டு பொருள்கள் இருக்கும்: கழற்றிய பழைய கேண்டிலும் டி.டி.எஸ். மீட்டரும்.

சென்ற மாதம் ஒரு வீட்டில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். கேண்டில் சேற்று நிறத்தில், தொட்டால் விரலில் வழுவழுப்பாக ஒட்டியது. புதியதைப் பக்கத்தில் வைத்தேன். “அம்மா, இது நான்கு மாதத்தில் மாற்றியிருக்க வேண்டியது. பதினான்கு மாதமாக இருக்கிறது. இது அடைத்ததால் பம்புக்குத் தண்ணீர் போதாமல் இன்று பம்பே போய்விட்டது” என்றேன். பிறகு இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்து அவர்களையே மீட்டரை வைத்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே 410, வெளியே 37. “மெம்பிரேன் நன்றாக இருக்கிறது, இப்போது மாற்ற வேண்டாம்” என்றேன். விற்கக்கூடிய ஒன்றை வேண்டாம் என்று நான் சொன்னதும்தான் அவர் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.

“நான் வருடத்துக்கு மூன்று முறை நானாகவே வந்து இதை மாற்றுவேன். நடுவில் பழுதானால் அழையுங்கள், கட்டணம் கிடையாது. பம்ப், அடாப்டர் போனாலும் என் பொறுப்பு. வருடத்துக்கு இவ்வளவு.” இவ்வளவுதான் நான் சொன்னது. “அப்போதைக்கப்போது அழைத்துக் கொடுத்தால் எனக்கு மிச்சம்தானே தம்பி?” என்று கேட்டார். “எதுவும் பழுதாகாத வருடத்தில் உங்களுக்கு மிச்சம்தான். பம்போ மெம்பிரேனோ போகும் வருடத்தில் ஒப்பந்தம் மிச்சம். இன்று பம்புக்குக் கொடுத்த பில்லை வைத்து நீங்களே பாருங்கள்” என்று பில்லை மேசையில் வைத்தேன். உண்மையான பதில் அதுதான். “எப்படிப் பார்த்தாலும் லாபம்” என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

உடனே முடிவெடுக்கச் சொல்லி நெருக்குவதில்லை. இன்று வாங்கிய சர்வீஸ் கட்டணத்தைப் பதினைந்து நாளுக்குள் ஒப்பந்தம் போட்டால் கழித்துக்கொள்வதாக பில்லிலேயே எழுதிவிடுவேன். அவரும் ஒன்பதாம் நாள் அழைத்தார். ஒப்பந்தத் தொகையில் வேறு தள்ளுபடி தருவதில்லை. பேரம் பேசுகிறவருக்குக் குறைத்தால், பேசாமல் கொடுத்தவருக்குத் துரோகம் செய்ததாகிவிடும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பு நிறக் கசடு வரவைத்து “இதைத்தான் குடிக்கிறீர்கள்” என்று பயமுறுத்தும் வழக்கம் இருக்கிறது. அந்தக் கசடு பெரும்பாலும் இரும்புக் கம்பியே கரைந்து வருவது. தாது உப்பு உள்ள எந்த நல்ல தண்ணீரும் அப்படித்தான் மாறும். அதுபோல, டி.டி.எஸ். எண்ணைக் காட்டிக் கிருமியைப் பற்றிப் பேசாதீர்கள். மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. குடிக்கும் தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

பழைய இயந்திரத்தை ஒப்பந்தத்தில் எடுக்கும்முன் முழுமையாகச் சோதியுங்கள். ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் பாகத்தை வாடிக்கையாளர் செலவில் மாற்றிய பிறகே ஒப்பந்தம் தொடங்க வேண்டும். டேங்க், மேல்மூடி, எலி கடித்த குழாய், மின்னழுத்தம் எகிறி எரிந்தவை ஆகியவை அடங்காது என்பதை எழுதுவதோடு வாயாலும் சொல்லுங்கள். வீடு மாறினால் அங்குள்ள தண்ணீரை அளந்து விலை திருத்தப்படும் என்ற வரியும் வேண்டும்.

வாங்கிய பணத்தை அந்த மாத வருமானமாக எண்ண வேண்டாம். முதல் வீட்டின் 320இல் 138 உதிரிபாகங்களுக்கு உரியது. அதை வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். முன்பு அதைச் செலவழித்துவிட்டு, மெம்பிரேன் மாற்றவேண்டிய நாளில் வாடிக்கையாளரிடம் “ஸ்டாக் இல்லை” என்று சொல்லியிருக்கிறேன். அந்த வீடுகளில் ஒன்றுகூடப் புதுப்பிக்கவில்லை.

புதுப்பித்தலுக்கு இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் அட்டை ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, உள்ளே வந்த டி.டி.எஸ்., வெளியே வந்தது, மாற்றிய பாகம் ஆகியவற்றை வீட்டார் கண்முன் எழுதுங்கள். அவர்கள் அழைக்கும்முன் நீங்களே போய் நிற்க வேண்டும். முறைப்படி போகவேண்டிய ஒருமுறை தவறினால் அட்டையில் அந்த இடம் காலியாகத் தெரியும். பதினோராம் மாதம் அந்த அட்டையைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு விலையையும் வைக்கிறேன். முதல் ஆண்டில் மெம்பிரேன் புதிதாகப் போட்ட வீடு, டி.டி.எஸ். ஏறாத வீடு என்றால் அதே விலை. நீக்கும் அளவு 92இலிருந்து 87க்கு வந்திருந்தால், அந்த எண்ணைக் காட்டி, வரும் ஆண்டில் மெம்பிரேன் மாற்றவேண்டியிருக்கும் என்று சொல்லி, அதற்கேற்ற விலையைக் கேட்கிறேன்.