பென்ஷன் வாங்கிக்கொண்டே வாட்ச்மேன் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: வயது 61. ஸ்பின்னிங் மில் புளோரூமில் 27 வருஷம் பேல் தூக்கினேன், முட்டியும் இடுப்பும் போய்விட்டது. இபிஎஸ் பென்ஷன் 2,340 ரூபாய் வருகிறது, பத்தவில்லை. ஒரு ஏஜென்சியில் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, 12 மணி நேரம், சம்பளம் 12,000. பிஎஃப் பிடித்தால் பென்ஷன் நின்றுவிடும், அதனால் பிஎஃப், ஈஎஸ்ஐ இல்லாமல் சேர்த்துக்கொள்கிறோம், யூனிஃபார்முக்கு 3,500 கட்டுங்கள் என்கிறார்கள். சேரலாமா?

பதில்: பென்ஷன் நிற்காது ஐயா. 58 முடிந்து வாங்குகிற பென்ஷனை, அப்புறம் நீங்கள் வேலைக்குப் போனதற்காக யாரும் நிறுத்த முடியாது. அந்த ஏஜென்சிக்காரருக்கு உங்கள் பென்ஷன் மேல் ஒரு அக்கறையும் கிடையாது, அவர் கையிலிருந்து கட்டவேண்டிய பங்கு மிச்சமாகிறது, அவ்வளவுதான்.

பிஎஃப்புக்கு வயது வரம்பு இல்லை. உங்கள் சம்பளம் 12,000 என்றால் உங்களிடம் 12 சதவீதம், 1,440 ரூபாய் பிடிப்பார்கள், அவர்களும் 1,440 போடவேண்டும். மற்றவர்களுக்கு முதலாளி பங்கில் ஒரு பகுதி பென்ஷன் நிதிக்குப் போகும். 58 தாண்டியவருக்குப் போகக்கூடாது, முழுவதும் பிஎஃப் கணக்கில்தான் விழவேண்டும். ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையன்கள் இதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏற்றிவிடுவார்கள். முதல் மாதமே பாஸ்புக் எடுத்து பென்ஷன் பங்கு என்ற கட்டத்தைப் பாருங்கள். சைபர் இருந்தால் சரி, 1,000 என்று இருந்தால் உடனே சொல்லித் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் கழித்துத் திருத்தப் போனால் ஏஜென்சி கடிதம் கொடுக்கவேண்டும், அதை பிஎஃப் அலுவலகம் ஏற்கவேண்டும், அங்கே ஒரு காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள், உங்கள் காசுக்கு நீங்களே அலையவேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இது உங்களுக்குப் பொருந்தலாம். மில்லிலிருந்து ஓய்வு பெற்றபோது பிஎஃப் பணம் முழுவதையும் எடுத்துவிட்டீர்களா? 55 வயதுக்குப் பிறகு ஓய்வு பெற்று முழுத் தொகையையும் எடுத்தவருக்கு, மறுபடி வேலைக்குச் சேரும்போது பிஎஃப் பிடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படி என்றால் ஏஜென்சி பிஎஃப் வேண்டாம் என்பது சட்டப்படி சரிதான், சொல்லும் காரணம்தான் பொய். முழுவதும் எடுக்கவில்லை, கணக்கில் பணம் மிச்சம் இருக்கிறது என்றால் இந்த விலக்கு கிடையாது, பிடித்தே ஆகவேண்டும். கொஞ்சம் முன்பணம் எடுத்ததை முழுவதும் எடுத்ததாக நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர், அதனால் பழைய பாஸ்புக்கில் கடைசி இருப்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பழைய யுஏஎன் நம்பரைத்தான் கொடுக்கவேண்டும், புது நம்பர் போட விடாதீர்கள்.

ஈஎஸ்ஐயில் இந்த விலக்கெல்லாம் கிடையாது. 21,000க்குள் சம்பளம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஏஜென்சி என்றால் 61 வயதிலும் உண்டு. உங்களிடம் மாதம் 90 ரூபாய், அவர்கள் 390. முட்டி வலிக்கு உங்களுக்கு மட்டுமல்ல, வீட்டம்மாவுக்கும் சேர்த்து மருத்துவம் கிடைக்கும். பிஎஃப்பை விட்டாலும் இதை விடாதீர்கள்.

இன்னொரு தில்லுமுல்லு, முதலாளி பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழிப்பது. 12,000 என்று பேசி, இரண்டு பிஎஃப் பங்கும் இரண்டு ஈஎஸ்ஐ பங்கும் பிடித்து 8,640 கையில் கொடுப்பார்கள். உங்கள் பங்கு மட்டும் போனால் 10,470 வரவேண்டும். முதலாளி பங்கைத் தொழிலாளி சம்பளத்தில் கழிப்பது குற்றம். பிஎஃப் பிடித்துவிட்டுக் கட்டாமலே விடுபவர்களும் இருக்கிறார்கள், பதிவு செய்த போனிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகக் கட்டிய தொகை குறுஞ்செய்தியில் வரும்.

3,500 கட்டாதீர்கள். சம்பளத்தில் பிறகு பிடிக்கிறோம் என்றாலும் எழுத்தில் கேளுங்கள். ஆதார் நகல் போதும், அசலையோ ஏடிஎம் கார்டையோ கொடுக்கவே வேண்டாம். ஏஜென்சிக்கு 2005-ம் வருஷத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி உரிமம் இருக்கவேண்டும், அதை அலுவலகத்தில் பார்வையில் படும்படி மாட்டியிருக்கவேண்டும். அதே சட்டப்படி 65 வயது வரைதான் காவலராக வைக்கலாம், ஆக இந்த வழியில் உங்களுக்கு நாலு வருஷம் இருக்கிறது.

வேலை லேசா என்றால், 12 மணி நேரம் லேசே இல்லை. கேட் திறப்பது, மோட்டார் போடுவது என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, தண்ணீர் கேன் மாடிக்கு, லிஃப்ட் நின்றால் சிலிண்டரும் மாடிக்கு என்று உங்கள் தலையில்தான் விழும். பேல் தூக்கின முட்டிக்கு அது ஆகாது. நாற்காலி உண்டா, ராத்திரி ஷிப்ட் மாறி மாறி வருமா, தூக்குகிற வேலை உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள், முடிந்தால் 8 மணி ஷிப்ட் கேளுங்கள். அசோசியேஷனே நேரடியாக ஆள் வைக்கும் சின்ன அபார்ட்மென்ட்டில் ஏஜென்சி கமிஷன் இல்லாததால் சம்பளம் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம், ஆனால் பத்துப் பேர் இல்லாத இடத்தில் ஈஎஸ்ஐ வராது. லாரி புக்கிங் ஆபீஸ்களில் பண்டல் எண்ணி சீட்டு எழுதும் செக்கர் வேலையும் விசாரியுங்கள், சரக்கைக் கையாண்ட உங்களுக்கு அது கஷ்டமாக இருக்காது, உட்கார்ந்தே பார்க்கலாம்.